விளம்பரத்துக்கு மாதம் இன்னும் 60,000 போடலாமா? ஹட்டன் தேயிலைக் கடை ஒன்றின் கணக்கு

ஹட்டன் டவுனில் ஒரு சின்னத் தேயிலைக் கடை. திம்புள்ளப் பக்கத்து பிஓபிஎஃப் ரகத் தேயிலையை ஒரு கிலோ பொட்டலமாகக் கட்டி, பேஸ்புக்கில் தமிழில் விளம்பரம் போட்டு, நாடு முழுக்கக் கூரியரில் அனுப்புகிறார்கள். பணம் முழுவதும் கேஷ் ஒன் டெலிவரிதான். விளம்பரத்துக்கு இப்போது மாதம் 60,000 ரூபாய் போகிறது. அதை 120,000 ஆக்கலாமா என்பதுதான் கடைக்காரத் தம்பியின் கேள்வி. கடையை அடையாளம் காட்டாமல் இருக்க எண்களை வட்டமாக்கி, கொஞ்சம் மாற்றியும் தந்திருக்கிறேன். கணக்குப் போகும் வழி அப்படியேதான் இருக்கிறது.

"அண்ணே, மாசம் நூறு புது ஓடர் வருது. அறுபதாயிரத்த நூறால பிரிச்சா ஆளுக்கு அறுநூறு ரூபா. விக்கிறது மூவாயிரத்து இருநூறுக்கு. இன்னும் போட்டா என்ன?" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அந்த 600, அந்த 3,200 இரண்டுமே தப்பான எண்கள்.

முதலில் 3,200ஐப் பார்ப்போம். அது விற்ற விலை. அதில் தேயிலைக்கு 1,500, பைக்கும் பெட்டிக்கும் 200, கூரியருக்கும் பணம் வசூலிக்கும் கட்டணத்துக்கும் 450 போய்விடுகிறது. மிச்சம் 1,050. ஒரு வாடிக்கையாளர் வாங்கும் காலம் முழுக்கக் கடைக்கு எவ்வளவு தருகிறார், அதாவது அவருடைய ஆயுள் மதிப்பு என்ன என்று எண்ணும்போது இந்த 1,050ஐத்தான் எடுக்க வேண்டும். விற்பனைத் தொகையை வைத்து ஆயுள் மதிப்புப் போட்டால், தேயிலைத் தொழிற்சாலைக்கும் கூரியர்காரருக்கும் போகும் பணத்தை நம் பணமாக எண்ணியதாகிவிடும்.

அடுத்தது 600. கடையிலிருந்து போன நூறு பார்சலில் 12 திரும்பி வந்தன. ஆள் போனை எடுக்கவில்லை, வீட்டில் இல்லை, "நான் ஓடர் பண்ணவே இல்லையே" என்று ஒருவர். திரும்பி வந்த ஒவ்வொன்றுக்கும் கூரியர் செலவும் மறுபடி கட்டும் செலவும் சேர்த்து ஏறத்தாழ 500 ரூபாய், மொத்தம் 6,000. தென்மேல் பருவத்தில் மண்சரிவால் பாதை மூடி, பார்சல் மூன்று நான்கு நாள் பிந்தினால் இந்த எண்ணிக்கை இன்னும் ஏறும். காத்திருந்தவருக்கு ஆசை போய்விடும்.

கையில் சேர்ந்த 88 பேரிடமும் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் குறித்தார்கள். 22 பேர், சொந்தக்காரர் சொன்னார்கள், ஹட்டனுக்கு வந்தபோது கடையில் வாங்கிக் குடித்தோம் என்றார்கள். விளம்பரம் இல்லாவிட்டாலும் இவர்களில் பெரும்பாலோர் வந்திருப்பார்கள். ஆக, விளம்பரம் கொண்டுவந்தது 66 பேர். மெசஞ்சரில் நாள் முழுக்கப் பதில் சொல்லும் பிள்ளையின் சம்பளத்தில், புது ஆட்களுக்காகப் போகும் பங்கு 15,000. இப்போது கூட்டுங்கள்: விளம்பரம் 60,000, சம்பளப் பங்கு 15,000, திரும்பிய பார்சல் 6,000, மொத்தம் 81,000. அதை 66ஆல் பிரித்தால் ஒருவரைப் பிடிக்க 1,227 ரூபாய்.

முதல் ஓடரில் கிடைப்பது 1,050தான். அதாவது ஒவ்வொரு புது ஆளையும் 177 ரூபாய் கைநட்டத்தில்தான் கடை வரவேற்கிறது. அவர் திரும்பி வந்தால்தான் மிச்சம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பேஸ்புக்கின் விளம்பரப் பலகையில் `Cost per result` என்று ஒரு பத்தி இருக்கும். மெசேஜ் வரவழைக்கும் விளம்பரம் போட்டால், அங்கே காட்டும் "பலன்" தொடங்கிய உரையாடல்தான், விற்ற பொட்டலம் இல்லை. இந்தக் கடையில் மாதம் 400 உரையாடல், ஒன்றுக்கு 150 ரூபாய். "150 ரூபாய்க்கு ஆள் வருது" என்று கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். நான்கு பேர் விலை கேட்டால் ஒருவர்தான் வாங்குகிறார்.

இனி ஆயுள் மதிப்பு. இதற்கு எந்த மென்பொருளும் வேண்டியதில்லை. ஒரு சிஆர் கொப்பி போதும். பில் இலக்கம், தேதி, போன் நம்பர், எப்படி வந்தார், பார்சல் சேர்ந்ததா திரும்பியதா, இவ்வளவுதான். சாதாரண மாதம் ஒன்றை எடுத்து, அந்த மாதம் விளம்பரத்தால் முதல் முறை வாங்கியவர்களை மட்டும் தனியாக எழுதி, அடுத்த ஒரு வருடத்துக்கு அவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை தடவை வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். போன வருடம் ஜூனில் வந்தவர்கள் 60 பேர். அவர்களில் 21 பேர் திரும்பி வந்து, வருடத்துக்குள் 54 ஓடர் கொடுத்திருக்கிறார்கள். முதல் 60ஐயும் சேர்த்தால் 114 ஓடர், ஆளுக்கு 1.9. அதை 1,050ஆல் பெருக்கினால் ஆயுள் மதிப்பு 1,995 ரூபாய்.

"ஆயுள்" என்று சொல்லிவிட்டு ஏன் ஒரு வருடத்தோடு நிறுத்துகிறேன் என்றால், கடையின் கொப்பியே இரண்டு வருடப் பழசுதான். ஐந்து வருடத்துக்கு நீட்டிக் கணக்குப் போட்டால் எந்த விளம்பரமும் லாபமாகத் தெரியும். பார்க்காத வருடங்களை நம்பி இந்த மாதம் காசைக் கொட்டுவது சரியில்லை.

கொப்பியில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, அவர் நம்பரிலிருந்து முதல் ஓடர், இரண்டு மாதம் கழித்து வீட்டம்மா நம்பரிலிருந்து அடுத்த ஓடர். கொப்பியில் அது புது ஆள். அப்படி எழுதினால் பிடித்தவர்கள் எண்ணிக்கை கூடும், திரும்பியவர்கள் எண்ணிக்கை குறையும், இரண்டு எண்ணும் கெடும். விலாசத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். மற்றது மாதம். இதே கடையில் டிசம்பரில் வந்தவர்களை எடுத்தால் ஆளுக்கு 1.4 ஓடர்தான் வருகிறது, மதிப்பு 1,470. அவர்கள் நத்தாருக்கும் புது வருடத்துக்கும் பரிசு கொடுக்க வாங்கினார்கள். பரிசு வாங்கியவர் வேறு, குடிப்பவர் வேறு. சித்திரைப் புத்தாண்டு மாதமும் அப்படித்தான். பண்டிகை மாதத்து விளம்பரச் செலவை ஜூன் ஆட்களின் மதிப்போடு ஒப்பிட்டால் ஏமாறுவோம்.

சரி, 1,995க்கு 1,227. ஒன்றுக்கு 1.6 மடங்கு. மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அந்த விதி மாதச் சந்தாவுக்கு மென்பொருள் விற்கும் கம்பெனிகளிடமிருந்து வந்தது. தேயிலைக் கடைக்கு அதை அப்படியே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. ஆனால் இடையில் இருக்கும் 768 ரூபாயில் கடை வாடகை, கரண்ட் பில், தம்பியின் சொந்தச் சம்பளம் எல்லாம் வர வேண்டும். ஆளுக்கு 500 ரூபாயாவது அதற்கு ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அப்படியென்றால் ஒருவரைப் பிடிக்க அதிகபட்சம் 1,500 வரை கொடுக்கலாம். இப்போதைய செலவு அதற்குள் இருக்கிறது. தம்பி எழுந்தே விட்டார், "அப்ப போடலாம்தானே?"

போடலாமா என்பதற்கு இந்த 1,227 பதில் சொல்லாது. அது ஏற்கெனவே போட்ட 60,000க்கான சராசரி. இனிப் போடப்போகும் பணம் என்ன விலைக்கு ஆள் கொண்டுவரும் என்பது வேறு கணக்கு.

நல்ல வேளையாக அதற்கும் கொப்பியில் ஆதாரம் இருந்தது. ஜூலையில் 60,000. ஆகஸ்டில் துணிந்து 90,000 போட்டிருந்தார்கள். இரண்டும் பண்டிகை இல்லாத மாதங்கள், விளம்பரமும் அதே படம், அதே வாசகம். ஆட்கள் 66இலிருந்து 84 ஆனார்கள். மொத்தச் செலவை 84ஆல் பிரித்தால் 1,351 வருகிறது, அதுவும் 1,500க்குள்தான். ஆனால் கூடுதலாகப் போன பணத்தை மட்டும் தனியாக எடுங்கள். விளம்பரம் 30,000, கூடுதலாகத் திரும்பிய ஐந்து பார்சலுக்கு 2,500, ஆக 32,500. மெசஞ்சர் பிள்ளைக்குக் கூடுதல் சம்பளம் எதுவும் இல்லை. இந்த 32,500 கொண்டுவந்தது 18 பேர். ஆளுக்கு 1,806 ரூபாய்.

முதல் 66 பேர் 1,227 ரூபாய்க்கு, அடுத்த 18 பேர் 1,806 ரூபாய்க்கு. சராசரி இதை மறைத்துவிடுகிறது. காரணமும் தெரிந்ததுதான். பேஸ்புக் முதலில் ஆர்வம் காட்டக்கூடியவர்களுக்குத்தான் விளம்பரத்தைக் காட்டும். பணம் கூடக்கூட, அவ்வளவு ஆர்வம் இல்லாதவர்களிடம் போகும், அல்லது பார்த்தவர்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டும். பலகையில் `Frequency` என்ற பத்தி ஏறிக்கொண்டே போனால் இரண்டாவது நடக்கிறது என்று அர்த்தம். இலங்கையில் தமிழில் விளம்பரம் பார்க்கும், தேயிலையைத் தபாலில் வாங்கத் தயாராக இருக்கும் கூட்டம் அளவானதுதான். குளம் சிறியது.

இனி தம்பியின் முன்னால் இருக்கும் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் வழி, அதே விளம்பரத்துக்கு இன்னும் 30,000. கூடுதலாக வரும் ஆளுக்கு 1,806 செலவு, அவர் தருவது 1,995. மிச்சம் 189. பதினெட்டுப் பேருக்கு 3,400 ரூபாய். அதுவும் இந்த 18 பேரும் ஜூன் ஆட்களைப் போலவே 1.9 தடவை வாங்கினால்தான். ஓடர் 1.72க்குக் கீழே போனால் நட்டம். ஆர்வம் குறைந்தவர்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் அதே அளவு திரும்பி வருவார்கள் என்று எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தம்பி கேட்டது 30,000 இல்லை, 60,000. இரண்டாவது 30,000 இதைவிட விலை கூடிய ஆட்களைத்தான் கொண்டுவரும்.

இதில் காசு முடங்குவது வேறு. முதல் ஓடரில் 1,050 வந்த பிறகு ஆளுக்கு 756 ரூபாய் வெளியே நிற்கும். அது வருடம் முழுக்கத் துளித்துளியாகத்தான் திரும்பும். மாதாமாதம் 18 பேர் இப்படிச் சேர்ந்தால், பத்தாவது மாதம் வரும்போது ஏறத்தாழ 70,000 ரூபாய் கடையிலிருந்து வெளியே நிற்கும். ஆட்கள் சீக்கிரமாகத் திரும்பினால் கொஞ்சம் குறையும். கூரியர்காரர் வசூலித்த பணத்தைத் தாமதமாகத்தான் தருகிறார், பேஸ்புக்குக்கோ கார்டில் உடனே கழிந்துவிடும். விளம்பரக் கணக்கை டாலரில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பயம். 2022இல் டாலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. ஆள் பிடிக்கும் செலவு டாலரோடு ஏறும், ஆள் தரும் மதிப்போ ரூபாயில் நிற்கும். செலவை எழுதும்போது பலகையில் காட்டும் தொகையை விட்டுவிட்டு, வங்கி கார்டில் கழித்த ரூபாய்த் தொகையை எழுதச் சொன்னேன்.

இரண்டாவது வழி, வந்தவர்களைத் திரும்ப வரவைப்பது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ தேயிலை ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட நிற்கும். பார்சல் சேர்ந்து ஐந்து வாரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "தேயிலை முடியுற நேரமாச்சே, அனுப்பவா?" பொதுவாக எல்லோருக்கும் அனுப்பும் செய்தி இல்லை, பெயர் சொல்லி, போன தடவை வாங்கியதைச் சொல்லி. நேரத்தைக் கணக்கிட்டால் ஆளுக்கு 15 ரூபாய் செலவு.

திரும்பி வந்தவர்கள் இயல்பாக ஆளுக்கு இரண்டரை ஓடருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். நாம் தட்டி எழுப்பி வரவைப்பவர்கள் அதில் பாதிதான் கொடுப்பார்கள் என்று எடுத்துக்கொள்வோம், 1.3 ஓடர். நூற்றுக்கு ஐந்து பேர் கூடுதலாகத் திரும்பினால், மாதம் வரும் 66 பேரில் மூன்று பேருக்குக் கொஞ்சம் மேல். அது 4,500 ரூபாய். செலவு 1,000. மிச்சம் 3,500. முதல் வழியில் 32,500 ரூபாயை வெளியே விட்டுக் கிடைக்கும் அதே தொகை.

தம்பியின் மனைவி வேறொரு யோசனை சொன்னார். ஒவ்வொரு முதல் பார்சலிலும் வேறு ரகத் தேயிலை 50 கிராம் சின்னப் பொட்டலமாக வைக்கலாம். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதற்கு ஆளுக்கு 100 ரூபாய் ஆகும், அது ஈடாக வேண்டுமென்றால் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் கூடுதலாகத் திரும்ப வேண்டும். நடக்கலாம். முதலில் வாட்ஸ்அப், அது என்ன செய்கிறது என்று தெரிந்த பிறகு இது.

எதைச் செய்தாலும் பாதிப் பேருக்கு மட்டும் செய்ய வேண்டும். ஒற்றைப்படை பில் இலக்கத்துக்குச் செய்தி, இரட்டைப்படைக்கு இல்லை. மூன்று மாதத்தில் இரு பக்கமும் ஏறத்தாழ நூறு நூறு பேர் சேர்வார்கள். ஒரு பக்கம் 35 பேர் திரும்பி, மறுபக்கம் 38 பேர் திரும்பினால் அதை வெற்றி என்று எண்ணாதீர்கள், நூறு பேரில் மூன்று பேர் வித்தியாசம் சும்மாவே வரும். 35க்கு 50 என்றால் நம்பலாம். இடையில் எங்கே நின்றாலும் இன்னும் மூன்று மாதம் பார்க்க வேண்டியதுதான்.

இந்த வழியின் குறை, இதில் 60,000ஐப் போட இடமே இல்லை. இருக்கிற ஆட்கள் எத்தனை பேரோ அவ்வளவுக்குத்தான் செலவழிக்க முடியும்.

மூன்றாவது வழி, நுவரெலியா, எல்ல, நானுஓயாப் பக்கத்துச் சின்ன விடுதிகள். அங்கே காலையில் இந்தத் தேயிலையைக் கொடுத்து, மேசையில் ஒரு கார்டு வைப்பது. கார்டில் அந்த விடுதிக்கென்று ஒரு எழுத்து. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து தங்கியவர் வீட்டுக்குப் போய் அந்த எழுத்தைச் சொல்லி ஓடர் கொடுத்து, பார்சல் சேர்ந்து பணம் வந்தால், விடுதிக்கு 400 ரூபாய். கார்டு அச்சடிப்பையும் சேர்த்தால் ஆளுக்கு 450. விளம்பரத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், விற்ற பிறகுதான் காசு போகிறது, பத்தாவது ஆளுக்கும் ஐம்பதாவது ஆளுக்கும் அதே 400தான். குடித்துப் பார்த்து வாங்குபவர் பார்சலைத் திருப்புவதும் குறைவாகத்தான் இருக்கும்.

பயணிகள் பரிசு வாங்குபவர்களைப் போல நடந்துகொள்வார்கள் என்று குறைத்தே மதிப்போம், டிசம்பர் ஆட்களின் 1,470. செலவு போக ஆளுக்கு 1,020 மிச்சம். பத்து விடுதியில் வைத்தால் மாதம் 12 பேர் வரலாம் என்பது என் ஊகம். அப்படியென்றால் 12,000 ரூபாய். இந்த 12 என்ற எண்ணுக்குக் கொப்பியில் ஆதாரம் எதுவும் இல்லை. நான்கு பேர் வந்தாலும் முதல் வழியைவிடக் கூடத்தான். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த காலக் கூட்டம், மழை மாதத்தில் விடுதிகள் காலி. ஒரே சீராக வரும் என்று நம்பக் கூடாது. கார்டில்லாமல் வரவிருந்த பழைய வாடிக்கையாளருக்கும் விடுதி எழுத்தைச் சொல்லச் சொல்லிக் கமிஷன் கேட்கும் ஆளும் இருப்பார். போன் நம்பர் கொப்பியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்தால் அது அடங்கிவிடும்.

ஆக, என் கருத்து: அதே தமிழ் விளம்பரத்துக்கு ஒரு ரூபாயும் கூட்ட வேண்டாம். 60,000 அப்படியே இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்தி இந்த மாதமே தொடங்கலாம், ஐந்து விடுதிகளோடு கார்டும்.

தம்பிக்கு மனம் ஆறவில்லை. அவருக்கு விளம்பரத்தில் ஒரு நம்பிக்கை, அது பிழையும் இல்லை. விளம்பரத்தைப் பெருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதே இடத்தில் போடாமல், சிங்களத்தில் புதிதாக ஒன்று போடுங்கள் என்றேன். அது வேறு கூட்டம், அங்கே முதலில் வாங்கக்கூடியவர்கள் இன்னும் தொடப்படாமல் இருக்கிறார்கள். மாதம் 20,000, மூன்று மாதம், கொப்பியில் தனிப் பக்கம். சிங்களத்தில் சரளமாகப் பதில் எழுத ஆள் வேண்டும், அந்தச் சம்பளத்தையும் அந்தப் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒருவரைப் பிடிக்க 1,500க்குள் வந்தால் இன்னும் 10,000 கூட்டி, கூட்டிய பணத்துக்கு மட்டும் மறுபடி கணக்குப் பார்க்கலாம். அது 1,500ஐத் தாண்டும் மாதத்தில் நிறுத்தலாம்.

மனைவி கொப்பியின் நடுவில் புதுப் பக்கம் திருப்பிக் கோடு போடத் தொடங்கினார். "டிசம்பர்ல தொடங்க வேண்டாம், தை கழியட்டும்" என்றார் தம்பியிடம். பரிசு வாங்குபவர்கள் முதல் பக்கத்திலேயே கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. பிப்ரவரி என்று முடிவானது.